பழைய மெயிலில் இன்னும் யார் எழுதுகிறார்கள்?

மின்னஞ்சல் முகவரியை மாற்ற நினைப்பவர்கள் முதலில் புது முகவரி ஒன்றைத் தொடங்குவார்கள். பிறகு தெரிந்தவர்களுக்கெல்லாம் "இனி இதற்கு எழுதுங்கள்" என்று ஒரு மெயில் அனுப்புவார்கள். நண்பர்களும் உறவினர்களும் இரண்டொரு வாரத்தில் பழகிக்கொள்வார்கள். வங்கி, காப்பீட்டு நிறுவனம், வருமான வரித் தளம், ரயில் டிக்கெட் எடுக்கும் கணக்கு போன்றவை அப்படி மாறுவதில்லை. அங்கே நம் மெயிலைப் படித்து முகவரியைத் திருத்த ஆள் கிடையாது. ஒவ்வொன்றிலும் நாமே உள்ளே போய் மாற்ற வேண்டும். அந்த முகவரியை இத்தனை வருடங்களில் எங்கெங்கே கொடுத்தோம் என்ற பட்டியலோ நம்மிடம் இருக்காது.

அந்தப் பட்டியலைத் தயாரிக்க உதவுவதுதான் ஃபார்வர்டிங். பழைய முகவரிக்கு வரும் மெயிலைத் தானாகவே புதிய முகவரிக்கு அனுப்பும் வசதி அது. மெயில் தவறாமல் வந்து சேர்வதற்காக மட்டும் பலர் இதை வைத்துக்கொள்கிறார்கள். இன்னும் யார் பழைய முகவரிக்கே எழுதுகிறார்கள் என்று காட்டுவதுதான் இதன் பெரிய பயன் என்பது என் கருத்து.

மதுரையில் தையல் கடை வைத்திருக்கும் என் சித்தி மகள் சென்ற ஆண்டு இந்த வேலையில் இறங்கினாள். பள்ளி நாட்களில் இணைய மையத்தில் உட்கார்ந்து, செல்லப்பெயரோடு பிறந்த வருடத்தையும் சேர்த்துத் தொடங்கிய ஜிமெயில் முகவரி அவளுடையது. இப்போது கடைப் பெயரில் புது முகவரி வேண்டும் என்றாள். "பழைய மெயிலை மூடிடட்டுமா அக்கா?" என்று கேட்டாள். "இப்ப மூடாதேம்மா, முதல்ல ஃபார்வர்டு போடு" என்றேன்.

ஜிமெயிலில் இதைக் கைபேசிச் செயலியில் செய்ய முடியாது. கணினியில் உலாவியைத் திறந்துதான் செய்ய வேண்டும். பழைய கணக்கில் நுழைந்து, பற்சக்கரப் படத்தைத் தொட்டு, See all settings என்பதைத் திறந்தால் Forwarding and POP/IMAP என்ற பகுதி இருக்கும். அதில் Add a forwarding address என்பதை அழுத்திப் புதிய முகவரியைத் தர வேண்டும். உடனே புதிய முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தும் மெயில் போகும். அதிலுள்ள இணைப்பைத் திறந்து ஒப்புதல் தர வேண்டும். அடுத்தவர் முகவரிக்கு நம் மெயிலையெல்லாம் திருப்பிவிட்டுத் தொல்லை தராமலிருக்க இந்த ஏற்பாடு.

ஒப்புதல் தந்ததும் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். ஆனால் பழைய கணக்கின் அதே பக்கத்துக்குத் திரும்பி வந்து பார்த்தால், Disable forwarding என்பதிலேயே புள்ளி நிற்கும். அதை Forward a copy of incoming mail to என்பதற்கு மாற்றி, பக்கத்தின் அடியில் இருக்கும் Save Changes பொத்தானையும் அழுத்தினால்தான் மெயில் திரும்பத் தொடங்கும்.

அதே வரியில் பழைய பெட்டியில் இருக்கும் பிரதியை என்ன செய்வது என்றும் கேட்கும். அப்படியே வைக்கலாம், படித்ததாகக் குறிக்கலாம், காப்பகத்துக்கு அனுப்பலாம், அழிக்கலாம். இடம்பெயரும் காலத்தில் அழிப்பதைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. வழியில் ஒரு மெயில் தொலைந்தால் நமக்கு மிஞ்சுவது அந்தப் பிரதி ஒன்றுதான். அதே சமயம் பிரதிகள் சேரச் சேர இடமும் நிறையும். இலவசக் கணக்கில் 15 ஜிபி, அதுவும் டிரைவுக்கும் புகைப்படங்களுக்கும் சேர்த்து. அது நிரம்பிவிட்டால் பழைய கணக்கு புதிய மெயிலை வாங்காது. வாங்காத மெயில் ஃபார்வர்டும் ஆகாது. அதனால் தொடங்கும் முன்பே பழைய பெட்டியில் கனமான இணைப்புகளைக் களைந்து இடம் பண்ணிக்கொள்வது நல்லது. ஏற்கெனவே பெட்டியில் இருக்கும் பழைய மெயில்கள் இந்த வழியில் போகாது, இனி வருபவை மட்டுமே போகும்.

சோதித்துப் பார்க்கும்போது புதிய முகவரியிலிருந்து பழையதற்கு எழுதிப் பார்க்க வேண்டாம். புதியதும் ஜிமெயிலாக இருந்தால், திரும்பி வருவது தான் அனுப்பிய அதே மெயில் என்று கண்டுகொண்டு, மறுபடி இன்பாக்ஸில் காட்டாமல் விட்டுவிடும். எதுவும் வரவில்லையே என்று வீணாகக் கவலைப்பட நேரும். வீட்டில் வேறொருவர் கைபேசியிலிருந்து பழைய முகவரிக்கு ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். அது புதிய பெட்டிக்கு வந்தால் சரி.

அடுத்தது புதிய கணக்கில் செய்ய வேண்டியது. தேடல் கட்டத்தில் to: என்று எழுதி, இடைவெளி விடாமல் பழைய முகவரியைச் சேர்த்து ஒரு ஃபில்டர் உருவாக்கி, அதில் சிக்கும் மெயில்களுக்கெல்லாம் "பழைய முகவரி" என்று ஒரு லேபிள் ஒட்டச் சொல்ல வேண்டும். இதுதான் நான் சொன்ன பட்டியல். சித்தி மகளின் லேபிளில் முதல் வாரம் விளம்பரங்களே குவிந்தன. அவற்றை மாற்றவே வேண்டாம், சந்தாவை விலக்கினால் போதும். மாதத் தொடக்கத்தில் வங்கிக் கணக்கு அறிக்கை வந்தது. பிறகு மின்கட்டண ரசீது, கடைக்கு நூல் அனுப்பும் மொத்த வியாபாரியின் பில், பையனின் பள்ளிக் கட்டண நினைவூட்டல் என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. எது வந்ததோ, அன்றே அந்தத் தளத்துக்குப் போய் முகவரியை மாற்றினாள். ஒரே நாளில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியிருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது.

வங்கியை மட்டும் லேபிளில் வரும்வரை காத்திருக்காமல் முதலிலேயே மாற்றிவிட வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல் சில நிமிடங்களே செல்லும். இரண்டு சர்வர்களைத் தாண்டி வரும் மெயில் சில சமயம் தாமதமாகிறது. முகவரி மாற்றத்துக்குப் பல தளங்கள் பழைய முகவரிக்கே உறுதிப்படுத்தும் எண்ணை அனுப்பும். பழைய கணக்கு உயிரோடு இருக்கும்போதே மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

லேபிளில் வரவே வராத ஒரு வகையும் உண்டு. Sign in with Google பொத்தானை அழுத்தி நுழைந்த தளங்கள் அவை. அங்கே நம்மை அடையாளம் காட்டுவது பழைய கணக்கேதான், மெயிலைத் திருப்பிவிடுவதால் அது மாறாது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் மூன்றாம் தரப்புத் தொடர்புகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்து, வேண்டியவற்றில் தனிக் கடவுச்சொல்லோ புதிய முகவரியோ அமைத்துக்கொள்ள வேண்டும்.

மெயில் தொலைவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். முதலாவது, பழைய கணக்கின் ஸ்பேம் பெட்டி. ஜிமெயில் ஸ்பேம் என்று ஒதுக்கியதை ஃபார்வர்டு செய்யாது. காப்பீட்டு நிறுவனத்தின் பிரீமியம் நினைவூட்டல் தவறுதலாக அங்கே விழுந்தால் புதிய பெட்டிக்கு வரவே வராது, 30 நாளில் தானாக அழிந்தும்விடும். ஆகவே மாதத்துக்கு இரண்டு முறையாவது பழைய கணக்கைத் திறந்து ஸ்பேமைப் பார்க்க வேண்டும். அப்படித் திறப்பதில் இன்னொரு பயனும் உண்டு. 2 ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்ட தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தி வருகிறது. நாம் உள்ளே போய்வந்தால் கணக்கு பயன்பாட்டில் இருப்பதாக எண்ணப்படும்.

இரண்டாவது இடம் புதிய கணக்கின் ஸ்பேம் பெட்டி. இதற்குக் காரணம் சற்று நுட்பமானது. தன் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்த சர்வர்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு வங்கி முன்கூட்டியே அறிவித்து வைத்திருக்கும். எஸ்பிஎஃப் என்பது அந்த ஏற்பாடு. ஃபார்வர்டு ஆகும் மெயிலைப் புதிய முகவரிக்குக் கொண்டுவருவது வங்கியின் சர்வர் இல்லை, இடையில் இருக்கும் பழைய சேவையின் சர்வர். அதன் பெயர் வங்கியின் பட்டியலில் இராது. போலி மெயில் போலத் தோன்ற இதுவே போதும். ஆனால் டிகேஐஎம் என்று மற்றொரு ஏற்பாடு இருக்கிறது. அது கடிதத்தின் மேல் வைத்த அரக்கு முத்திரை மாதிரி. யார் சுமந்து வந்தாலும், உள்ளே எதையும் திருத்தாதவரை முத்திரை செல்லும். மொத்தமாக ஏராளமான மெயில்கள் அனுப்பும் நிறுவனங்கள் இந்த இரண்டையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கியதால், பெரிய நிறுவனங்களின் மெயில்கள் ஃபார்வர்டில் பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன. முத்திரை இல்லாமல் அனுப்பும் சிறிய அமைப்புகளின் மெயில்கள்தான் மாட்டிக்கொள்கின்றன.

நாமே இதைப் பார்க்கலாம். சந்தேகமான மெயிலைத் திறந்து, மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு, Show original என்பதைத் தேர்ந்தெடுத்தால் SPF, DKIM, DMARC என்று வரிகள் தெரியும். DKIM வரியில் PASS என்று இல்லாமல், அந்த மெயில் அடிக்கடி ஸ்பேமில் விழுவதாக இருந்தால், அந்த நிறுவனத்தை முதலில் புதிய முகவரிக்கு மாற்றுவதுதான் தீர்வு. அதுவரை முன்பு சொன்ன லேபிள் ஃபில்டரிலேயே Never send it to Spam என்பதையும் குறித்து வைக்கலாம். அப்படிக் குறித்தால் உண்மையான மோசடி மெயிலும் இன்பாக்ஸுக்கு வந்துவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

எல்லாப் பழைய முகவரிகளுக்கும் இந்த வழி திறந்திருக்காது. யாஹூ தன் இலவசக் கணக்குகளில் ஃபார்வர்டு வசதியை 2021 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. அலுவலக முகவரிகளில் பெரும்பாலும் நிர்வாகமே தடுத்திருக்கும். மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்தும் அலுவலகங்களில், நிர்வாகி தனியாக அனுமதித்தாலொழிய, வெளி முகவரிக்குத் தானாகத் திருப்பிவிட முடியாது. ஒருவருடைய கணக்கில் திருட்டுத்தனமாக நுழைபவர்கள் அவருக்குத் தெரியாமல் ஒரு ஃபார்வர்டு போட்டுவிட்டுப் போவது பழைய தந்திரம், அதற்கான தடுப்பு இது. ஜிமெயிலிலும் ஃபார்வர்டு போட்ட முதல் வாரம் இன்பாக்ஸின் மேலே ஓர் அறிவிப்பு நின்றுகொண்டிருக்கும். நாம் போடாமல் அந்த அறிவிப்பு தெரிந்தால் உடனே ஃபார்வர்டை நிறுத்திக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.

எவ்வளவு நாள் ஓடவிடுவது? ஒரு முழு ஆண்டுக்குக் குறையக் கூடாது என்பேன். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் எழுதுபவை இருக்கின்றன: வாகனக் காப்பீட்டுப் புதுப்பித்தல், வருமான வரி அறிவிப்பு, இணையதளப் பெயருக்கான கட்டண நினைவூட்டல். சித்தி மகளின் லேபிள் ஐந்தாவது மாதமே ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. பதினோராவது மாதத்தில் இருசக்கர வாகனக் காப்பீட்டு நினைவூட்டல் பழைய முகவரிக்குத்தான் வந்தது.

ஆண்டு முடிந்து, லேபிளில் விளம்பரம் தவிர வேறெதுவும் வராமல் இரண்டு மாதம் போனால் ஃபார்வர்டை நிறுத்தலாம். கணக்கை நீக்கத்தான் அவசரப்பட வேண்டாம். நீக்கிய ஜிமெயில் முகவரியை கூகுள் வேறொருவருக்குத் தருவதில்லை. எல்லாச் சேவைகளும் அப்படியல்ல. 12 மாதங்களுக்கு மேல் பயன்படுத்தாத பெயர்களை யாஹூ 2013-இல் புதியவர்களுக்குக் கொடுத்தபோது, முன்பு வைத்திருந்தவர்களின் சொந்த மெயில்கள் சிலருக்கு வந்து சேர்ந்தன. சொந்தமாகப் பணம் கட்டி வாங்கிய இணையப் பெயரில் பழைய முகவரி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். புதுப்பிக்காமல் விட்டால் அந்தப் பெயரை யாரும் வாங்கலாம். வாங்கியவர் நம் பழைய முகவரியையே உருவாக்கிக்கொண்டு, நாம் மாற்ற மறந்த ஏதாவது தளத்தில் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினால், எண் அவர் பெட்டிக்கே போகும். அந்தப் பெயரை இன்னும் சில ஆண்டுகள் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். ஜிமெயிலாக இருந்தால் செலவு ஏதும் இல்லை. இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, மீட்பு முகவரியாகப் புதியதைக் கொடுத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை உள்ளே போய்வந்தால் போதும்.