39,99,000 வரிகளைத் தாண்டி

விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் திருத்த வரலாற்றைத் திறந்து, இன்னும் பழைய திருத்தங்களைக் காட்டும் இணைப்பை அழுத்துங்கள். பிறகு மேலே முகவரிப் பட்டையைப் பாருங்கள். அதில் `offset=` என்று ஒரு சொல் இருக்கும். அதற்குப் பக்கத்தில் 50, 100 என்று ஏதாவது எண்ணிக்கை நிற்கும் என்று நினைப்போம். நிற்காது. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி எல்லாம் ஒட்டிக்கொண்டு 14 இலக்கங்கள் நிற்கும். அதன் வாலில் ஒரு நெட்டுக்கோடும் இன்னொரு எண்ணும்கூட இருக்கும். அந்த வாலுக்குப் பிறகு வருகிறேன். "முதல் 50-ஐத் தள்ளிவிட்டு அடுத்ததைக் கொடு" என்று அந்த முகவரி கேட்கவில்லை. "இந்த நேரத்துக்கு முந்தியதைக் கொடு" என்று கேட்கிறது.

இந்த இரண்டு கேள்விக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிந்தது ஒரு கூரியர் கம்பெனியின் மென்பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது. ஒவ்வொரு பார்சலும் ஒவ்வொரு கிடங்கிலும் ஸ்கேன் ஆகும்போது டேட்டாபேஸில் ஒரு வரி விழும். `scans` என்ற அந்த டேபிளில் 40 லட்சம் வரிகள் சேர்ந்திருந்தன. இரவில் ஒரு வேலை ஓடும்: எல்லா வரிகளையும் ஆயிரம் ஆயிரமாக எடுத்து, கணக்குப் பிரிவுக்கான கோப்பில் எழுத வேண்டும். டேபிள் சிறியதாக இருந்தவரை ராத்திரியே முடிந்தது. பிறகு விடிந்தும் ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்பப் பக்கங்கள் பட்டுப்பட்டென்று வரும். போகப் போக ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் தாமதிக்கும். நோய் ஆஃப்செட்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. கடைசிப் பக்கத்துக்கான குவெரி இப்படி இருந்தது:

```sql
SELECT id, scanned_at, hub
FROM scans
ORDER BY scanned_at DESC, id DESC
LIMIT 1000 OFFSET 3999000;
```

படிக்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. 39,99,000 வரிகளைத் தாண்டு, அடுத்த ஆயிரத்தைக் கொடு. ஆனால் டேட்டாபேஸுக்குத் தாண்டத் தெரியாது, எண்ணத்தான் தெரியும். முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து எண்ணி, 39,99,000-ஐயும் கீழே போட்டுவிட்டு, கடைசி ஆயிரத்தை மட்டும் நம் கையில் கொடுக்கும். தாண்டப்படும் வரிகளையும் சர்வர் உள்ளே தயாரித்தே ஆக வேண்டும் என்று போஸ்ட்கிரெஸ் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது.

ஒரு பக்கத்துக்கு இதென்றால் ராத்திரி முழுவதற்கும்? முதல் பக்கத்துக்கு 1,000 வரி படிக்கிறது, இரண்டாவதற்கு 2,000, மூன்றாவதற்கு 3,000. இப்படியே 4,000-ஆவது பக்கம் வரை கூட்டினால் 800 கோடியே 20 லட்சம் வருகிறது. கோப்பில் எழுத வேண்டியது வெறும் 40 லட்சம் வரி. டேபிள் இரண்டு மடங்கானால் இந்த வேலை நான்கு மடங்காகும். பெரிய சர்வர் வாங்கினால் சில மாதம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

"டேபிளில் இண்டெக்ஸ் இருந்ததே, அது என்ன செய்தது?" என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. இண்டெக்ஸ் என்பது அகராதி மாதிரி. 'மழை' என்ற சொல்லை எடு என்றால் நடுவில் விரித்து, முன்னும் பின்னும் இரண்டு தடவை புரட்டி, பிடித்துவிடுவோம். அதே அகராதியில் 31,407-ஆவது சொல்லை எடு என்றால்? அகர வரிசை அங்கே உதவாது. முதல் சொல்லிலிருந்து விரல் வைத்து எண்ண வேண்டியதுதான். இண்டெக்ஸுக்கு மதிப்பு தெரியும்; அது எத்தனையாவது என்று தெரியாது.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். போன பக்கத்தில் கடைசியாக வந்த வரி எது என்று நம்மிடம் இருக்கிறது. அதையே அடையாளமாக வைத்து அதற்கு அடுத்ததைக் கேட்டால் போதும். இதைத்தான் கீசெட் முறை என்கிறார்கள். மார்க்குஸ் வினாண்ட் என்ற டேட்டாபேஸ் எழுத்தாளர், ஆஃப்செட்டை விட்டுவிட்டு இந்த முறைக்கு வாருங்கள் என்று பல ஆண்டுகளாகப் பிரசாரமே செய்துவருகிறார்.

```sql
SELECT id, scanned_at, hub
FROM scans
WHERE (scanned_at, id)
      < ('2024-03-11 18:42:07.318442', 912455)
ORDER BY scanned_at DESC, id DESC
LIMIT 1000;
```

`OFFSET` போய்விட்டது, அதன் இடத்தில் `WHERE` வந்திருக்கிறது. இந்த இரண்டு காலத்தின் மேலும் சேர்த்து, இதே வரிசையில், ஓர் இண்டெக்ஸ் வேண்டும்:

```sql
CREATE INDEX CONCURRENTLY scans_time_id
ON scans (scanned_at, id);
```

`CONCURRENTLY` என்ற சொல்லை விட்டுவிட்டால், இண்டெக்ஸ் கட்டி முடிக்கும்வரை டேபிளில் யாரும் எழுத முடியாது. கிடங்குகளில் ஸ்கேன் நின்றுபோகும். அதைச் சேர்த்தால் நேரம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் தொழில் நடக்கும். 40 லட்சம் வரிக்கு இந்த இண்டெக்ஸ் மூன்று அடுக்கு மரமாகத்தான் நிற்கும். உச்சியிலிருந்து மூன்று படி இறங்கினால் அடையாளம் வைத்த இடம். அங்கிருந்து வரிசையாக ஆயிரம் வரி. நான்காவது பக்கமானாலும் நாலாயிரமாவது பக்கமானாலும் வேலை ஒன்றுதான்.

நிஜமாகவே அப்படி நடக்கிறதா என்று குவெரிக்கு முன்னால் `EXPLAIN (ANALYZE, BUFFERS)` போட்டுப் பார்க்க வேண்டும். பழைய குவெரியில் `Limit`-க்குக் கீழே இருக்கும் படி 40 லட்சம் வரி கொடுத்ததாகக் காட்டும். புதியதில் ஆயிரம்தான் காட்ட வேண்டும். நம் நிபந்தனை `Index Cond` என்ற இடத்தில் இருக்க வேண்டும். `Filter` என்ற இடத்தில் இருந்தால், இண்டெக்ஸ் அந்த நிபந்தனையைப் பிடித்து இறங்கவில்லை, வரிகளை எடுத்த பிறகுதான் சலிக்கிறது என்று பொருள். மைஎஸ்கியூஎல்லில் அடைப்புக்குறிக்குள் இரண்டு காலத்தைச் சேர்த்து ஒப்பிடும் இந்த எழுத்துமுறை செல்லும், ஆனால் வேகம் கிடைக்காமல் போகலாம். அங்கே "நேரம் குறைவு, அல்லது நேரம் சமம் ஆனால் ஐடி குறைவு" என்று விரித்து எழுதச் சொல்கிறார்கள்.

இதுவரை சுகமான பகுதி. நாங்கள் அடிபட்டது வேறு இடத்தில்.

முதலில் எழுதியபோது ஐடியைச் சேர்க்கவில்லை. `scanned_at`-ஐ மட்டும் வைத்து "இதைவிடக் குறைவு" என்று கேட்டோம். வேலை பறந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஒரு கிடங்கில் மூட்டை மூட்டையாக ஒரே நேரத்தில் பதிவேற்றுவார்கள். முந்நூறு பார்சலுக்கு ஒரே நேரமுத்திரை. பக்கத்தின் எல்லை அந்த மூட்டையின் நடுவே விழுந்தால், எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ளவை கோப்புக்குப் போய்விடும். அந்தப் பக்கம் உள்ளவை "குறைவு" அல்ல, "சமம்". அடுத்த பக்கத்திலும் வராது, எந்தப் பக்கத்திலும் வராது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. "குறைவு அல்லது சமம்" என்று மாற்றினால் வந்தவையே திரும்ப வரும். ஒரே நேரமுத்திரையில் ஆயிரத்துக்கு மேல் வரி இருந்தால் வேலை அதே பக்கத்தில் செக்கு மாடாகச் சுற்றும். ஒவ்வொரு வரிக்கும் தனித்த ஐடியை இரண்டாவது சாவியாகச் சேர்த்த பிறகுதான் சமம் என்ற பேச்சே ஒழிந்தது. விக்கிப்பீடியா முகவரியில் நெட்டுக்கோட்டுக்குப் பின்னால் நிற்கும் எண்ணுக்கும் இதே வேலைதான். அது திருத்தத்தின் ஐடி.

ஐடியைச் சேர்த்த பிறகும் கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தது. "சார், உங்க கோப்புல சில பார்சல் இல்லையே." கோப்பில் உள்ள வேறுபட்ட ஐடிகளை எண்ணி, அந்த நேரம் வரைக்குமான `count(*)` உடன் ஒப்பிட்டோம். பதினேழு குறைந்தது. (இந்த ஒப்பீட்டை மாற்றிய முதல் நாளே செய்திருக்க வேண்டும்.) விடுபட்டவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பக்கத்தின் எல்லையில் இருந்தன. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போயிற்று. போஸ்ட்கிரெஸ் நேரத்தை மைக்ரோநொடி வரை வைத்திருக்கிறது, புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம். எங்கள் புரோகிராம் ஜாவாஸ்கிரிப்டில் இருந்தது. அதன் `Date` மில்லிநொடியோடு நின்றுவிடும், மூன்று இலக்கம். அடையாளமாக எடுத்த 07.318442 என்ற நொடி, திரும்பப் போகும்போது 07.318 ஆகிவிட்டது. இடையில் உள்ள 442 மைக்ரோநொடிக்குள் ஸ்கேன் ஆன பார்சல்கள் இடுக்கில் விழுந்துவிட்டன. அடையாள நேரத்தைத் தேதியாக மாற்றாமல், டேட்டாபேஸ் கொடுத்த எழுத்து வடிவத்திலேயே வைத்துத் திருப்பி அனுப்பியதும் கணக்கு நேரானது.

அந்த வாரமே, இரவு வேலைக்கு நேரம் எதற்கு, ஐடி ஒன்றே போதுமே என்று ஒருவர் கேட்டார். சரியாகத்தான் கேட்டார். கோப்புக்குள் எந்த வரிசையில் இருந்தாலும் கணக்குப் பிரிவுக்குக் கவலையில்லை. எல்லாம் இருந்தால் போதும். அங்கே ஐடிக்கு மாறினோம். நேர வரிசை தேவைப்பட்டது உதவி மையத்தின் திரையில் மட்டும். வரிசைப்படுத்தும் சாவி மாறாமல் இருப்பதும் முக்கியம். கடைசியாகத் திருத்திய நேரத்தைச் சாவியாக வைத்தால், நாம் பட்டியலில் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது யாரோ ஒரு வரியைத் திருத்த, அது நமக்குப் பின்னால் மேலே ஏறிவிடும். நாம் அதைப் பார்க்கவே மாட்டோம். சாவிக் காலம் காலியாக இருந்தாலும் ஆபத்துதான்: `NULL`-ஐ எதோடு ஒப்பிட்டாலும் பதில் ஆம் என்று வராது, அந்த வரி சத்தமில்லாமல் மறைந்துபோகும்.

எல்லா இடத்திலும் மாற்ற வேண்டுமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதே. முந்நூறு வரி உள்ள ஊழியர் பட்டியலுக்கு ஆஃப்செட்டே போதும். முதல் நான்கைந்து பக்கத்துக்கு மேல் யாரும் போகாத திரையிலும் அப்படியே. எலாஸ்டிக்சர்ச் இந்த எல்லையைத் தானே போட்டு வைத்திருக்கிறது: நாம் அமைப்பை மாற்றாதவரை, 10,000 முடிவுகளுக்கு அப்பால் பக்கம் எண்ணிப் போக விடாது. ஆழமாகப் போக `search_after` என்று கீசெட் பாணியில் கேட்கச் சொல்கிறது.

கீசெட்டில் நிஜமாகவே இழப்பது ஒன்று உண்டு: பக்க எண். அடுத்தது, முந்தியது என்று நகரலாம். முந்தியதற்கு வரிசையையும் ஒப்பீட்டையும் தலைகீழாக்கி எடுத்து, வந்ததைத் திருப்பி அடுக்க வேண்டும். ஆனால் 250-ஆவது பக்கத்துக்கு நேரே தாவ முடியாது. உதவி மையத்தின் திரையிலிருந்து பக்க எண்களை எடுத்த மறுநாள், அங்கே பல வருடமாக இருக்கும் அக்கா ஒருவர் நேரே எங்கள் மேசைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, 250-ஆவது பக்கம் எங்கப்பா போச்சு?"

"அந்தப் பக்கத்துல என்னக்கா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. மார்ச் ரெண்டாவது வாரம் அங்கதான் இருக்கும். முதல்ல 250 போடுவேன், தள்ளிப்போயிருந்தா 260. நாளுக்கு நாள் அது வேற நகந்துக்கிட்டே போகுது."

அன்று சாயங்காலமே திரையில் ஒரு தேதிப் பெட்டியை வைத்தோம். குவெரியில் புதிதாக எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. அடையாள நேரம் இருந்த இடத்தில் அவர் கொடுக்கும் தேதி போய் உட்கார்ந்துகொண்டது.