இருவர் கூட்டு வாணிகத்தில் எழும் பிணக்குகளும் சட்டத்தின் விடைகளும்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே அமைந்துள்ள விழிஞ்ஞம், தொன்றுதொட்டு மீன்பிடித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊராகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அண்டைக் கடற்கரைகளில் அலை மிகுந்து படகுகளை இறக்க இயலாத வேளையிலும், இங்குள்ள துறைமுகம் அவற்றிற்குப் புகலிடம் அளிக்கிறது. ஆதலால் பக்கத்துச் சிற்றூர்ப் படகுகளும் அப்பொழுது இங்கு வந்து கூடுகின்றன. துடுப்பும் பாயும் செய்த வேலையை வெளியே பொருத்தும் எஞ்சின்கள் ஏற்றுக்கொண்ட பின்னர், அவற்றைப் பழுது பார்த்தலும் உதிரிப் பாகங்கள் விற்றலும் இத்தகைய கடற்கரைகளில் ஒரு சிறு தொழிலாக வளர்ந்துள்ளன.

இத்தகைய சிறு நிறுவனங்களைப் பெரும்பாலும் தனியொருவரோ, கூட்டாளிகளாகச் சேர்ந்த இருவரோ நடத்துகின்றனர். இருவர் சேரும்பொழுது ஒருவரிடம் பணமும் மற்றவரிடம் கைத்திறனும் இருப்பது வழக்கம். சில ஆண்டுகள் சென்றபின் பணம், பொறுப்பு, தொழில் செல்ல வேண்டிய திசை ஆகிய மூன்றையும் பற்றி இவர்களிடையே பிணக்கு எழுகின்றது. அதற்குக் குணக்கேடே காரணம் என்று ஊரார் கூறுவர். உண்மையில் பல வேளைகளில் காரணம் வேறு. கூட்டாளிகள் பேசாமல் விட்ட இடங்களை 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் தன் விதிகளால் நிரப்புகின்றது. அவ்விதிகள் இருவரும் மனத்தில் கொண்டிருந்தவற்றினின்று மாறுபட்டவை. இதனை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் ஆராய்வோம்.

ஓர் எடுத்துக்காட்டு

விழிஞ்ஞத்தில் இருவர் எஞ்சின் பழுது பார்க்கும் கடை ஒன்றைத் தொடங்கியதாகக் கொள்வோம். ஒருவர் ரூ. 4,00,000 முதல் போட்டார். மற்றவர் மெக்கானிக், அவர் போட்டது ரூ. 1,00,000. பத்திரம் எதுவும் எழுதவில்லை. "இலாபத்தில் பாதிப் பாதி" என்ற வாய்ச்சொல் மட்டுமே உடன்பாடு. பின்னர் உதிரிப் பாகங்கள் வாங்குவதற்காக முதல் போட்டவர் மேலும் ரூ. 1,00,000-ஐக் கடையின் பெயரில் கடனாகக் கொடுத்தார்.

மூன்றாம் ஆண்டில் கடைக்குக் கிடைத்த இலாபம் ரூ. 3,60,000. நாள்தோறும் விடியற்காலை முதல் கடையில் நிற்பவர் மெக்கானிக். ஆகவே முதலில் தமக்கு மாதம் ரூ. 15,000 ஊதியம் எடுத்துவைத்து, மீதியைத்தான் பங்கிட வேண்டும் என்று அவர் எண்ணுகிறார். முதல் போட்டவரோ, தம் நான்கு இலட்சத்தை வேறிடத்தில் போட்டிருந்தால் நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி கிடைத்திருக்கும் என்று கருதுகிறார். இரு கோரிக்கைகளும் நியாயமானவையே. ஆயினும் சட்டம் இரண்டையும் ஏற்பதில்லை.

பணத்தைப் பற்றிய பிணக்கு

சட்டத்தின் 13-ஆம் பிரிவு, மாறான உடன்பாடு இல்லாதபொழுது பின்பற்ற வேண்டிய விதிகளைக் கூறுகின்றது. தொழிலை நடத்துவதற்காக எந்தக் கூட்டாளிக்கும் ஊதியம் இல்லை. முதலீட்டின் அளவு எதுவாயினும் இலாபமும் நட்டமும் சரிசமம். முதலுக்கு வட்டி, உடன்பாடு இருந்தால் மட்டுமே, அதுவும் இலாபத்திலிருந்து மட்டுமே உண்டு. ஒப்புக்கொண்ட முதலுக்கு மேலாகக் கொடுத்த தொகைக்கு மட்டும் ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வட்டி உண்டு.

இதன்படி, கூடுதலாகக் கொடுத்த ஓர் இலட்சத்திற்கு வட்டி ரூ. 6,000. மீதி ரூ. 3,54,000-இல் ஆளுக்கு ரூ. 1,77,000. ஆக, முதல் போட்டவர் பெறுவது ரூ. 1,83,000, நாள் முழுதும் உழைத்த மெக்கானிக் பெறுவது ரூ. 1,77,000.

இருவரும் தொடக்கத்திலேயே ஊதியத்தையும் பன்னிரண்டு விழுக்காடு வட்டியையும் எழுதி வைத்திருந்தால் கணக்கு எவ்வாறு அமைந்திருக்கும்? ஊதியம் ரூ. 1,80,000, இருவர் முதலுக்கும் வட்டி ரூ. 60,000, கடனுக்கு வட்டி ரூ. 6,000. இவற்றைக் கழித்தால் மீதி ரூ. 1,14,000, ஆளுக்கு ரூ. 57,000. மெக்கானிக்குக்கு மொத்தம் ரூ. 2,49,000, முதல் போட்டவருக்கு ரூ. 1,11,000. இரு கணக்குகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ரூ. 72,000. ஆண்டுதோறும் இத்தொகை யாருக்கு உரியது என்பதைத் தீர்மானித்தது, எழுதப்படாத ஒரு வரியேயாகும்.

இப்பிணக்கு வளர்வதைக் கணக்கேட்டிலேயே காணலாம். தமக்கு ஊதியம் மறுக்கப்பட்டதாகக் கருதும் கூட்டாளி, கல்லாவிலிருந்து சிறு தொகைகளை எடுக்கத் தொடங்குகிறார். அவை அவர் பெயரில் பற்று எழுதப்படாமல் கடைச் செலவாக எழுதப்படுகின்றன. அடுத்து, கணக்கேடு கடையிலிருந்து ஒருவர் வீட்டிற்குச் செல்கின்றது. ஏடுகளைப் பார்வையிடவும் படியெடுக்கவும் ஒவ்வொரு கூட்டாளிக்கும் உரிமை உண்டு என்று 12-ஆம் பிரிவு கூறுகின்றது. அவ்வுரிமையைக் கேட்டுப் பெற வேண்டிய நிலை வந்தால், பிணக்கு முற்றிவிட்டது என்று அறியலாம்.

பொறுப்பைப் பற்றிய பிணக்கு

மீன் சீசனுக்கு முன் எஞ்சின்களைக் கடனுக்குப் பழுது பார்த்துக் கொடுத்து, மீன் பாடு கிடைத்தபின் பணம் பெறுதல் கடற்கரைத் தொழிலில் இயல்பானது. எவருக்குக் கடன் கொடுக்கலாம் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். கடன் திரும்பாவிடில் யார் பணம் முடங்கும் என்பது முதல் போட்டவருக்குத் தெரியும். இருவரும் தமக்கே முடிவு செய்யும் உரிமை உண்டு எனக் கருதுகின்றனர்.

சட்டத்தின்படி இருவருக்குமே அவ்வுரிமை உண்டு. ஒவ்வொரு கூட்டாளியும் நிறுவனத்தின் முகவர் ஆவார். வழக்கமான தொழில் முறையில் ஒருவர் செய்யும் செயல் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். மெக்கானிக் மொத்த வியாபாரியிடம் ரூ. 2,00,000 மதிப்புள்ள உதிரிப் பாகங்களைக் கடனுக்கு வாங்கினால், அக்கடனுக்கு இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள் என்பது 25-ஆம் பிரிவு. வியாபாரி முழுத் தொகையையும் முதல் போட்டவரிடமிருந்தே வசூலிக்கலாம். "ஐம்பதாயிரத்திற்கு மேல் இருவர் ஒப்புதலும் வேண்டும்" என்று தமக்குள் பேசிக்கொண்டிருப்பினும், அதனை அறியாத வியாபாரியை அது கட்டுப்படுத்தாது. ஆகவேதான் வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பமும் தேவை என்று ஏற்பாடு செய்வதும், கடன் கொடுக்கும் வியாபாரிகளுக்கு வரம்பை எழுத்தில் தெரிவிப்பதும் இன்றியமையாதவை.

திசையைப் பற்றிய பிணக்கு

விழிஞ்ஞத்தின் பன்னாட்டுத் துறைமுகம் 2025 மே 2-ஆம் நாள் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. பெரிய துறைமுகம் வருமிடத்தில் புதிய தொழில்களைப் பற்றிய எதிர்பார்ப்பும் எழுவது இயல்பு. நம் எடுத்துக்காட்டில் முதல் போட்டவர், பட்டறையைக் கைவிட்டு அவ்விடத்தில் தங்கும் அறைகள் கட்டலாம் என்கிறார். மெக்கானிக், எஞ்சின் வேலையே தொடர வேண்டும் என்கிறார்.

சாதாரணக் காரியங்களைக் கூட்டாளிகளில் பெரும்பான்மையோர் முடிவு செய்யலாம். தொழிலின் தன்மையையே மாற்ற அனைவரும் இசைய வேண்டும் என்பது சட்டம். பட்டறையைத் தங்குமிடமாக்குவது இரண்டாம் வகையைச் சேரும். மெக்கானிக்கின் மறுப்பு அதனைத் தடுக்கும். ஆனால் சாதாரணக் காரியங்களிலும் இதே நிலைதான். இருவரில் பெரும்பான்மை என்று ஒன்று இல்லை. முதலீட்டின் அளவும் வாக்காகக் கணக்கிடப்படுவதில்லை. மூவர் கூட்டில் ஓர் இரவில் தீரும் கருத்து வேறுபாடு இருவர் கூட்டில் ஆண்டுக்கணக்கில் நிற்பதன் காரணம் இதுவே.

வெளியேறும் வாயில்

இந்நிலையில் வழக்குத் தொடுக்கலாமா? நிறுவனம் பதிவாளரிடம் பதிவு செய்யப்படாதிருந்தால், ஒரு கூட்டாளி தம் ஒப்பந்த உரிமைகளுக்காக மற்றவர்மீது வழக்கிட 69-ஆம் பிரிவு தடை விதிக்கின்றது. தொழில் தொடர்பான ஒப்பந்தப்படி வெளியாரிடமிருந்து வர வேண்டிய தொகைக்கும் நிறுவனம் வழக்கிட இயலாது. ஆனால் நிறுவனத்தைக் கலைக்கவும், கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்கவும் தடை இல்லை. இதன் விளைவைக் கவனித்தல் வேண்டும். பதிவு செய்யாத கூட்டாளிக்கு, தொழிலை நடத்திக்கொண்டே உரிமை கோரும் வாயில் அடைபடுகிறது. தொழிலை முடிக்கும் வாயில் மட்டும் திறந்திருக்கிறது. பத்திரத்தில் காலவரையறையோ முடிவுக்கான ஏற்பாடோ இல்லாத கூட்டினை எழுத்து மூலமான ஓர் அறிவிப்பாலேயே எவரும் கலைத்துவிடலாம் என்பது 43-ஆம் பிரிவு.

கலைத்தபின் 48-ஆம் பிரிவின் வரிசைப்படி கணக்குத் தீர்க்கப்படும்: முதலில் வெளிக்கடன், அடுத்துக் கூட்டாளி கொடுத்த கடன், அதன்பின் முதல். கடையின் பொருள்களை விற்று ரூ. 5,60,000 கிடைத்ததாகவும், வெளிக்கடன் ரூ. 1,20,000 எனவும், கடன் வட்டி முன்னரே தீர்க்கப்பட்டதாகவும் கொள்வோம். வெளிக்கடன் போக ரூ. 4,40,000. முதல் போட்டவர் கொடுத்த கடன் போக ரூ. 3,40,000. இருவர் முதலும் சேர்ந்து ரூ. 5,00,000 ஆதலால் ரூ. 1,60,000 குறைகிறது. இக்குறைவு நட்டமாகும், நட்டமும் சரிபாதி. ஆளுக்கு ரூ. 80,000 கழித்தால் முதல் போட்டவருக்கு ரூ. 3,20,000, மெக்கானிக்குக்கு ரூ. 20,000. இலாபத்தில் பாதி கேட்டபொழுது நட்டத்திலும் பாதி கேட்டுக்கொண்டதை அவர் அன்றுதான் உணர்கிறார்.

ஒரு கரார் பத்திரம்

1966-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த அட்டங்கி நாராயணப்பா வழக்கு இங்கு நினைவுகூரத்தக்கது. இரண்டு குடும்பங்கள் சரிபாதியாகச் சேர்ந்து நெல் குத்துதல், நிலக்கடலை உடைத்தல் முதலிய தொழில்களை நடத்தி வந்தன. கூட்டில் நிலங்களும் இருந்தன. 1936-இலேயே கணக்குத் தீர்ந்து கூட்டு கலைந்தது என்று ஒரு தரப்பு ஒரு கரார் பத்திரத்தைக் காட்டியது. நிலம் அடங்கிய பத்திரம் பதிவு செய்யப்படாததால் செல்லாது என்றது மறு தரப்பு. கூட்டில் உள்ள நிலத்தில் எந்தக் கூட்டாளிக்கும் தனி உரிமை இல்லை; கடன்கள் போக மீதியில் தம் பங்கைப் பெறுவதே அவர் உரிமை; அது அசையும் சொத்தின் தன்மையது; ஆகவே பத்திரத்திற்குப் பதிவு தேவையில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. விழிஞ்ஞத்துக் கடையிலும், கூட்டுச் சொத்தாகிவிட்ட ஒரு கருவியை "நான் கொண்டுவந்தது" என்று கூறி எவரும் எடுத்துச் செல்ல இயலாது என்பது இதிலிருந்து புலப்படும். பிரிந்தபொழுது எழுதிய ஒரு தாளைப் பற்றிய வழக்கு, முப்பது ஆண்டுகள் கழித்தே முடிவு கண்டது என்பதும் கருதத்தக்கது.

எழுத வேண்டியவை

மேற்கூறிய விதிகளுள் கூட்டாளிகளுக்கிடையே உள்ளவை பலவும் "மாறான உடன்பாடு இல்லாவிடில்" என்ற நிபந்தனைக்கு உட்பட்டவை. ஆதலின் பத்திரத்தில் ஐந்து செய்திகளை எழுதினால் போதும். உழைப்பவருக்கு ஊதியம் எவ்வளவு, முதலுக்கு வட்டி எவ்வளவு என்பது ஒன்று. நட்டத்தின் பங்கு இலாபத்தின் பங்கிலிருந்து வேறுபடுமா என்பது இரண்டு. எத்தொகைக்கு மேல் இருவர் கையொப்பம் வேண்டும் என்பது மூன்று. இருவரும் முரண்பட்டால் முடிவு கூறும் நடுவர் யார் என்பது நான்கு. ஒருவர் விலக விரும்பினால் எத்தனை மாத அறிவிப்பு, பங்கின் மதிப்பை யார் கணிப்பது, எத்தனை தவணையில் கொடுப்பது என்பது ஐந்து. அதன்பின் நிறுவனத்தைப் பதிவு செய்தல் வேண்டும். வழக்குத் தொடுத்த பிறகு செய்யும் பதிவு அவ்வழக்கைக் காப்பாற்றாது.

நடுவரை மட்டும் முதல் நாளிலேயே குறித்தல் நன்று. பிணக்கு வந்தபின், இருவரும் ஒருசேர நம்பும் மூன்றாம் மனிதரைக் கண்டுபிடிப்பது அரிது.