மழையால் பார்சல் தாமதம்: 'ஃபோர்ஸ் மெஜூர்' என்றால் பணம் போச்சா?

"கனமழை காரணமாக உங்கள் ஆர்டர் தாமதமாகிறது." ஜூன் முதல் டிசம்பர் வரை இந்த மெசேஜ் வராத ஆன்லைன் வாடிக்கையாளர் நம்ம ஊர்ப் பக்கம் இருக்க மாட்டார். வந்ததும் என்ன செய்வோம்? 'சரி, மழைதானே' என்று விட்டுவிடுவோம், அல்லது கஸ்டமர் கேரில் கத்துவோம். இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மழை பெய்த இடத்தில் உங்கள் பார்சல் இருந்ததா?

இதைப் புரிந்துகொள்ள 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்துக்கே போகலாம். அந்த மாதம் 15ஆம் தேதி கொச்சி நெடும்பாசேரி விமான நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. 29ஆம் தேதிதான் அது மறுபடி திறந்தது. அதே நாட்களில் மூணாறு அருகே பெரியவாரை பாலம் உடைந்தது. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறுக்கு ஏறும் சாலையில், மூணாறுக்குச் சற்று முன்னால் இருந்த பாலம் அது.

இப்போது பாலக்காடு மாவட்ட எல்லையில் இருக்கும் மீனாட்சிபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சியிலிருந்து கேரளாவுக்குள் நுழையும் சோதனைச் சாவடி ஊர், தமிழ் பேசும் ஊர். சமவெளி. மலையில் நடந்த நிலச்சரிவு இங்கே தெரியாது. வாசலில் வெயில் அடித்தாலும் உங்கள் பார்சல் கொச்சி வழியாக வருகிறது என்றால், அந்த இரண்டு வாரத்தில் அது நியாயமாகவே மாட்டியிருக்கலாம். அதே பார்சல் கோவை வழியாக வந்தால்? கொச்சி வெள்ளத்தைக் காரணம் சொல்ல முடியாது. முகவரி ஒன்றுதான், பாதை வேறு. பாதை மாறினால் பதிலும் மாறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள்தான் இங்கே முக்கியம். சொன்ன தேதிக்குப் பிறகு பொருள் வந்தால், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கிறது விதி. கூடவே ஒரு விலக்கும் இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் 'ஃபோர்ஸ் மெஜூர்' என்றால் இந்தக் கடமை பொருந்தாது. வெள்ளம், நிலநடுக்கம் மாதிரி யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத நிகழ்வைத்தான் அப்படிச் சொல்கிறோம்.

அந்த விலக்கு எதற்கு என்பதைக் கவனியுங்கள். தாமதத்துக்கு மட்டும்தான். நனைந்து, உடைந்து, வேறு பொருளாக வந்தால் அது 'குறையுள்ள பொருள்' என்ற கணக்கில் வரும். அதற்கு மழை விலக்கு கிடையாது. 'வெள்ளத்தில் நனைந்துவிட்டது, ரிட்டர்ன் எடுக்க முடியாது' என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், அவர் ஒரு விதியின் விலக்கை இன்னொரு இடத்தில் ஒட்டுகிறார்.

பொருள் வரவே இல்லை என்றால்? அதுவும் தாமதம் அல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆவது பிரிவுப்படி நிறைவேற்றவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிறது. அப்படி ஆனால், வாங்கியதைத் திருப்பிக் கொடு என்கிறது 65ஆவது பிரிவு. மழை விற்பனையாளருக்குக் கால அவகாசம் வாங்கித் தரும். உங்கள் பணத்தை அவர் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கித் தராது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

2018இன் தேதிகளை எடுத்துக்கொண்டு இன்றைய விதியை அதில் வைத்துப் பார்ப்போம். ஓணம் அந்த வருடம் ஆகஸ்ட் 25. மூணாறில் இருக்கும் நீங்கள் கோவையிலிருந்து ஓணத்துக்குப் புடவை ஆர்டர் செய்கிறீர்கள். கன்ஃபர்மேஷனில் போட்ட டெலிவரி தேதி 17. பாலம் உடைந்தது 16ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம்.

டிராக்கிங்கில் கடைசி ஸ்கேன் 15ஆம் தேதி, உடுமலைப்பேட்டை என்று இருந்தால், இது நிஜமான மழைத் தாமதம். அடுத்து போக வேண்டிய சாலையே இல்லை. சுற்றி வர போடிமெட்டு வழி ஒன்று உண்டு. ஆனால் அந்த மலைச்சாலையும் நிலச்சரிவுக்குப் பேர்போனது. காத்திருப்பதுதான் நியாயம்.

கடைசி ஸ்கேன் 11ஆம் தேதி, கோவை என்று இருந்து, அதற்குப் பிறகு ஐந்து நாள் எந்த அசைவும் இல்லை என்றால் கதை வேறு. 12ஆம் தேதி கிளம்பியிருந்தால் பாலம் இருந்தபோதே வந்து சேர்ந்திருக்கும். இங்கே தாமதம் குடோனில் தொடங்கியது, மழை பிறகு வந்து சேர்ந்துகொண்டது. விலக்கு கேட்பவர்தான் மழை எப்படித் தடுத்தது என்று காட்ட வேண்டும்.

உங்கள் முகவரி மூணாறு இல்லை, மறையூர் என்றால்? உடுமலையிலிருந்து ஏறும்போது மறையூர் முதலில் வரும், பாலம் அதற்கு அப்புறம். பாலத்தைக் காரணம் சொல்வது செல்லாது. ஒரே ஒரு சிக்கல், அந்த கூரியருக்கு மறையூரில் ஆபீஸே இல்லாமல், மூணாறுக்குக் கொண்டுபோய்த் திரும்ப இறக்குகிறவர்களாக இருக்கலாம். அப்ப காரணம் நிஜம்தான். அதனால்தான் 'எந்த ஹப்பில் நிற்கிறது?' என்பதை 'எப்ப வரும்?' என்பதற்கு முன்னால் கேளுங்கள் என்கிறேன். முதல் கேள்விக்குச் சரியான பதில் இருக்கும், இரண்டாவதற்குப் பெரும்பாலும் இருக்காது.

வானிலைத் துறையின் எச்சரிக்கையையும் இங்கே அளவோடு பார்க்க வேண்டும். ஆரஞ்சு எச்சரிக்கை என்பது ஒரு கணிப்பு. சாலை மூடல் உத்தரவு அல்ல. இடுக்கி மலைச்சாலைகளில் இரவுப் பயணத்துக்குத் தடை, இன்ன சாலை மூடல் என்று மாவட்ட ஆட்சியர் வெளியிடும் அறிவிப்புதான் கனமான ஆதாரம். அதன் தேதியையும் டிராக்கிங் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதி சண்டை தீர்ந்துவிடும்.

புடவைக்கு வருவோம். 28ஆம் தேதி அதைக் கொண்டுவந்து கொடுத்தால் என்ன பயன்? இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. மழைத் தாமதம் உண்மை என்றால், வாங்கி வைத்துக்கொண்டு பிறகு 'லேட்டா வந்தது, ரிட்டர்ன்' என்று கேட்க இந்த விதி உங்களுக்கு உதவாது. அதனால் 25 தாண்டிவிடும் என்று தெரிந்த அன்றே, பொருள் வழியில் இருக்கும்போதே கேன்சல் செய்யுங்கள். ஆர்டரிலோ சாட்டிலோ 'ஓணத்துக்கு வேண்டும்' என்று எழுதியிருந்தால் இன்னும் பலம், ஏனென்றால் அந்த ஒப்பந்தத்தில் நாள் முக்கியம் என்று அப்போதே சொல்லிவிட்டீர்கள்.

சாலை திறந்த பிறகு எத்தனை நாள் பொறுக்கலாம்? சட்டத்தில் எண் இல்லை. தேங்கிய பார்சல் எல்லாம் இறங்க ஒரு வாரம் கொடுப்பது என் கணக்கில் நியாயம். அதற்கு மேல் மழையின் பெயரைச் சொல்வது கொஞ்சம் ஓவர்.

நீங்கள் விற்பவராக இருந்தால்

இப்போது எதிர்ப்பக்கம். மீனாட்சிபுரத்தில் சின்னதாக ஒரு துணி வியாபாரம் நடத்துகிறீர்கள், மூணாறில் ஒரு கடைக்கு ₹60,000 சரக்கு அனுப்ப வேண்டும். இரண்டு ஊரும் கேரளாதான். ஆனால் பக்கமான வழி பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுக்குள் போய் மறுபடி கேரளாவுக்குள் ஏறுகிறது. சரக்கு மதிப்பு ₹50,000க்கு மேல் என்பதால் இ-வே பில் வேண்டும்.

200 கி.மீ.க்கு ஒரு நாள் என்பது இ-வே பில்லின் ஆயுள் (2018இல் இது 100 கி.மீ.யாக இருந்தது). இந்த வழி 200க்குள் அடங்கும். இன்று எடுத்தால் நாளை நள்ளிரவு வரை செல்லும். மறையூரில் லாரி இரண்டு நாள் நின்றுவிட்டால் பில் காலாவதி. காலாவதியான பில்லோடு பிடிபட்டால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வரை போகலாம், வண்டியும் நிற்கும். நீட்டிக்க வழி உண்டு. காலாவதிக்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும், அதாவது மாலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 8 மணி வரை. போர்ட்டலில் 'இயற்கைப் பேரிடர்' என்றே ஒரு காரணம் இருக்கிறது. அதைச் செய்ய வேண்டியவர் அப்போது சரக்கை வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட்டர். காட்டுக்குள் சிக்னல் இல்லாத டிரைவரை நம்பாமல், டவுனில் இருக்கும் அவர்கள் ஆபீஸுக்கு மாலையே போன் போட்டு நினைவுபடுத்துங்கள்.

சரக்கு நனைந்தோ தொலைந்தோ போனால், சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007 வருகிறது. இயற்கைச் சீற்றத்துக்கு டிரான்ஸ்போர்ட்டர் பொறுப்பல்ல. ஆனால் உரிய கவனம் எடுத்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்றால் பொறுப்பு உண்டு. வெள்ளம் சாலையை அடித்துப்போனது ஒன்று, தார்ப்பாய் போடாததால் நனைந்தது வேறொன்று. பொறுப்பு இருந்தாலும் தொகைக்கு உச்சவரம்பு இருக்கிறது: கூடுதல் மதிப்பு அறிவித்து அதற்கான கட்டணம் கட்டாவிட்டால், வாடகையைப் போல பத்து மடங்கு மட்டுமே. ₹900 வாடகை கொடுத்திருந்தால் ₹60,000 சரக்குக்கு அதிகபட்சம் ₹9,000. மழைக்காலத்தில் மலைக்கு அனுப்பும்போது அந்தக் கூடுதல் கட்டணத்தையோ இன்ஷூரன்ஸையோ மிச்சப்படுத்துவது புத்திசாலித்தனம் இல்லை. வழக்கு போடும் எண்ணம் இருந்தால், புக்கிங் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் போயிருக்க வேண்டும்.

புகார் என்று வந்துவிட்டால்

வாங்கியவராக இருந்தால், முதலில் ஆர்டர் கன்ஃபர்மேஷனின் ஸ்க்ரீன்ஷாட். ஆப்பில் டெலிவரி தேதி தள்ளிக்கொண்டே போகும், முதலில் சொன்ன தேதிதான் உங்கள் தேதி. மழை நாளில் 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று ஒரு ஸ்கேன் வரும் பாருங்கள், அதை அன்றைக்கே மறுத்து எழுதுங்கள். அது தாமதத்தை உங்கள் தலையில் கட்டும் பதிவு.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ₹5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. மீனாட்சிபுரத்தில் வீடு, கோவையில் வேலை என்றால் பாலக்காடா, கோவையா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.