பழகும் காருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஓட்டிப் பழக ஒரு பழைய சின்ன கார், கை பழகியதும் புது கார். பல வீடுகளில் இப்படித்தான் திட்டம் போடுகிறார்கள். அப்போது எல்லோரும் கேட்பது, “கார் என்ன விலை?” என்றுதான். ஆனால் திரும்ப விற்கப்போகும் காருக்கு வாங்கும் விலையைவிட, விற்று முடித்த பிறகு கையை விட்டுப் போயிருக்கும் பணம்தான் முக்கியம்.

ஓர் உதாரணம். 2016இல் பதிவான ஆல்ட்டோ 800 ஒன்றை 2 லட்சத்துக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் 6,000. முதல் சர்வீஸ், பேட்டரி, இரண்டு டயர் 15,000. கிளட்ச், விற்குமுன் டிங்கரிங் வேலை 9,000. ஒரு வருடம் ஓட்டி 1,75,000க்கு விற்றால் விலையில் 25,000 நஷ்டம், செலவு 30,000. ஆக, ஓட்டிப் பழகியதற்கு உண்மையில் கொடுத்தது 55,000 ரூபாய். பெட்ரோல் எந்த காரானாலும் போடவேண்டியதுதான் என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

இந்த 55,000 லாபமா? புது காரில் கீறல் விழுமே என்ற பயம் மட்டும் காரணமென்றால், இல்லை. பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கச் சில ஆயிரங்கள்தான் ஆகும். பல தடவை இடித்தால்தான் இந்தத் தொகை வரும். புது காரை ஒரு வருடம் தள்ளிப்போடுவதில்தான் மிச்சம் இருக்கிறது. இன்சூரன்ஸ் கணக்குப்படியே, ஆறு மாதம் தாண்டிய புது காரின் மதிப்பில் 15 சதவீதம் கழிக்கிறார்கள். 8 லட்ச ரூபாய் காருக்கு அது 1,20,000. வாசலில் புது கார் நிற்க, பக்கத்தில் பழைய காரும் வாங்கி நிறுத்தினால் இரண்டு செலவும் உங்கள் தலையில்தான்.

அதற்காக மிகவும் மலிவாகவும் போகக்கூடாது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் எஃப்.சி. எடுத்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. அந்தத் தேதி நெருங்க நெருங்க விலை சரிகிறது. ஆர்.சி.யில் ஐந்து ஆண்டாவது மீதமிருக்கும் காரை வாங்குங்கள். அதில் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் இருக்கும்போதே விற்றுவிடுங்கள்.

பார்க்கப் போகும்போது, இன்ஜினை முன்னதாக ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆக மறுப்பதை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. அந்த காரை விட்டுவிடுங்கள். சென்னை வண்டியென்றால் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். 2015, 2023 வெள்ளத்தில் நின்ற கார்களில் இருக்கையைக் கழுவியிருப்பார்கள், பெல்ட்டின் உள்பகுதியில் சேற்றுக்கறை தங்கியிருக்கும்.

கிளட்ச்சைச் சோதிக்க, சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்ச்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் சட்டென்று அணைந்துபோனால் நல்லது. அணையாமல் ஓடினால் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. அப்படியிருந்தால் மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். ஓரளவு தேய்ந்திருந்தும் வழுக்காத கிளட்ச் என்றால் அதிலேயே பழகலாம். புதிதாகப் பழகுபவர் ஹாஃப் கிளட்ச்சிலேயே ஓட்டுவார். புது பிளேட் போட்டுக்கொடுத்தால் அதுவும் சீக்கிரம் தேயும்.

பிரேக்கிலும் டயரிலும் மட்டும் சிக்கனம் வேண்டாம். வாங்கிய வாரமே மெக்கானிக்கிடம் விட்டுச் சரிபாருங்கள். ஆல்ட்டோ 800இன் அடிப்படை ரகத்தில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. அது உள்ள எல்.எக்ஸ்.ஐ. ரகத்தைத் தேடினால் பார்க்கிங் பழகுவது எளிது. இந்த வயதுக் கார்களில் பெரும்பாலும் ஏர்பேக் இருக்காது. ஆகவே குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போக இது ஏற்ற வண்டி அல்ல. எல்.எல்.ஆர். மட்டும் கையில் இருக்கும்வரை முன்னும் பின்னும் எல் போர்டு வேண்டும், பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும்.

ஆட்டோமேட்டிக் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தத் திட்டமே தேவையில்லை. ஹாஃப் கிளட்ச் பழக ஒரு வருடச் செலவு எதற்கு? மற்றவர்கள் திரும்ப வராத பணம் எவ்வளவு வரை போகலாம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளலாம். அது 60,000 என்றால், இடையில் ஒரு பெரிய ரிப்பேர் அந்த எல்லையைத் தாண்டவைக்கும்போது செலவழிக்காமல் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவது மேல்.

விற்கும்போது பணம் கைக்கு வந்ததோடு விட்டுவிடாதீர்கள். 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபின், ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டதா என்று mParivahan செயலியில் பாருங்கள். அது மாறும்வரை சட்டப்படி ஓனர் நீங்கள்தான். வாங்கியவர் விபத்து செய்தால் இழப்பீட்டு வழக்கு உங்களைத் தேடி வரும்.