சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை

வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் போய்க் காதைச் சோதித்துக்கொண்டு திரும்பும் தறிக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். வயது 58. கையிலிருக்கும் ரிப்போர்ட்டில் வலது காது 60 டெசிபல், இடது காதும் 60. இரண்டும் ஒரே மாதிரிதான் என்று வீட்டில் மடித்து வைத்துவிடுவார்கள். அது சரியல்ல.

அந்த 60, காதில் ஹெட்போன் மாட்டிப் பார்த்த அளவு. காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வுக் கருவியை வைத்தும் பார்த்திருப்பார்கள். அந்த அதிர்வு செவிப்பறையையும் நடுக்காதையும் விட்டுவிட்டு நேரே உட்காதுக்குப் போகும். இவருக்கு வலது காதில் எலும்பு வழி 35. அப்படியானால் இடையிலுள்ள 25 டெசிபல் நடுக்காதில் தடைபடுகிறது: செவிப்பறையில் ஓட்டை, சீழ், சிற்றெலும்பு இறுக்கம் என ஏதோ ஒன்று. மீதி 35 உட்காதின் குறை. இரண்டும் சேர்ந்திருப்பதைத்தான் 'மிக்ஸ்டு லாஸ்' என்று எழுதுகிறார்கள். ஆபரேஷன் நன்றாக அமைந்தாலும் ஏறத்தாழ 35 வரைதான் மீட்கலாம். 'முழுசா கேட்கும்' என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

இடது காதில் எலும்பு வழி 55. ஐந்து டெசிபல் வித்தியாசத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை; இந்தக் காதின் இழப்பு உட்காது அல்லது நரம்பின் குறை. நடுக்காது ஆபரேஷனுக்கு அங்கே வேலை இல்லை.

அடுத்தது 'வேர்டு ரெகக்னிஷன் ஸ்கோர்'. சிலர் 'ஸ்பீச் டிஸ்கிரிமினேஷன்' என்று எழுதுவார்கள், சோதனை ஒன்றுதான். நன்றாகக் கேட்கும் அளவுக்குச் சத்தத்தை ஏற்றி, 25 சிறு சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். ஒரு சொல்லுக்கு 4 சதவீதம். இவர் வலது காதில் 21 சொல் சரியாகச் சொன்னார், 84. இடது காதில் 10 தான், 40. 'கத்தாதம்மா, கேக்குது, என்னன்னுதான் புரியல' என்று மகளிடம் அவர் அலுத்துக்கொள்வதற்குக் காரணம் இந்த 40. காது மெஷின் சத்தத்தைக் கூட்டும், தெளிவை அந்த அளவுக்குக் கூட்டாது.

இரண்டு காதுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருந்தால், செவி நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். அதற்கு முன் இன்னொன்று: தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு ஆங்கிலச் சொற்களை வைத்துச் சோதித்திருந்தால் 40 என்பதற்கு அர்த்தமே இல்லை. எந்த மொழி, எத்தனை டெசிபலில் என்பது ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும்.

முழு ரிப்போர்ட்டின் பிரதியைத் தர மறுத்தால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்கிறது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு ஒலிகளில் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருப்பவரைக் கேட்டல் குறைந்தவர் என்கிறது. நம் தறிக்காரர் விளிம்பில் நிற்கிறார். ஆபரேஷனில் வலது காது 40க்கு வந்தால் அந்த வரையறையிலிருந்து வெளியே வந்துவிடுவார். இடது காதின் 40 சதவீதம் அப்படியே இருந்தாலும், சொல் புரியாமை அந்த வரையறையின் கணக்கில் வராது.