பாதித் திரையில் நின்றுபோகும் ஃபூட்டர்

இணையதளம் ஒன்றில் எதையோ தேடுகிறோம். ‘நீங்கள் தேடியது கிடைக்கவில்லை’ என்ற ஒற்றை வரியோடு பக்கம் திறக்கிறது. மேலே தளத்தின் பெயரும் மெனுவும் இருக்கின்றன. அந்த ஒரு வரி முடிந்ததுமே முகவரி, தொலைபேசி எண், காப்புரிமை வாசகம் எல்லாம் அடங்கிய கருநிறப் பட்டை வந்துவிடுகிறது. அதற்குக் கீழே பாதித் திரை வெறுமையாகக் கிடக்கிறது. இணையப் பக்கம் அமைப்பவர்கள் அந்தப் பட்டையை ஃபூட்டர் என்பார்கள். பக்கத்தின் அடியில் இருக்க வேண்டிய அது நடுவிலேயே நின்றுவிட்டதால், பக்கம் முழுதாக வந்து சேரவில்லையோ என்ற ஐயம் பார்ப்பவருக்கு எழுகிறது.

உலாவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பக்கத்தின் பகுதிகளை அது மேலிருந்து கீழாக அடுக்குகிறது. உயரம் இவ்வளவு என்று நாம் சொல்லாதவரை, ஒவ்வொரு பகுதிக்கும் அதன் உள்ளடக்கம் எவ்வளவோ அவ்வளவு உயரம்தான் கிடைக்கும். எல்லாவற்றையும் தாங்கும் `body` என்ற பெட்டிக்கும் இதே விதிதான். அதற்கு நாம் தரும் பின்னணி நிறம் திரை முழுக்கப் பரவுவதால், பெட்டியே திரையின் அடிவரை நீண்டிருப்பதுபோல் தோன்றும். உண்மையில் ஃபூட்டர் முடியும் இடத்திலேயே பெட்டியும் முடிந்துவிடுகிறது.

முன்பெல்லாம் இதற்கு ஒரு சுற்றுவழி இருந்தது. ஃபூட்டரின் உயரம் 120 பிக்சல் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, மேலுள்ள பகுதியைத் திரையளவு நீட்டி, அடியில் மைனஸ் 120 பிக்சல் விளிம்பு கொடுத்து ஃபூட்டரை மேலே இழுப்பார்கள். கணினியில் பார்க்க நன்றாக இருக்கும். கைபேசியின் குறுகிய திரையில் முகவரி மூன்று வரியாக மடிந்து, ஃபூட்டர் 200 பிக்சலாக உயர்ந்தால் கணக்கு தவறிவிடும். கண்பார்வை குறைந்தவர் எழுத்தைப் பெரிதாக்கி வாசித்தாலும் அதே கதிதான். வாசகரின் திரையும் எழுத்தளவும் நம் கையில் இல்லை. அதனால் உயரத்தை முன்கூட்டியே சொல்லச் சொல்லும் எந்த வழியும் நிலைக்காது.

ஃபிளெக்ஸ் முறை அந்த உயரத்தைக் கேட்பதே இல்லை. தலைப்பகுதி, உள்ளடக்கம், ஃபூட்டர் மூன்றும் `body`க்குள் நேரடியாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு எழுதினால் போதும்:

```css
body {
  margin: 0;
  min-height: 100vh;
  display: flex;
  flex-direction: column;
}
footer {
  margin-top: auto;
}
```

திரையின் உயரம் 900 பிக்சல் என்று கொள்வோம். தலைப்பகுதி 80, உள்ளடக்கம் 240, ஃபூட்டர் 120, மொத்தம் 440. `100vh` என்பது திரையின் முழு உயரம். எனவே பெட்டி குறைந்தது 900 பிக்சல் இருந்தாக வேண்டும். மிச்சம் 460. ஃபிளெக்ஸ் பெட்டிக்குள் `auto` என்று விட்ட விளிம்பு மிச்ச இடத்தை முழுதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே ஃபூட்டரின் தலைக்கு மேல் 460 பிக்சல் இடைவெளி உருவாகி, ஃபூட்டர் 780-இல் தொடங்கி 900-இல் முடிகிறது.

அதே தளத்தில் ஒரு நீண்ட கட்டுரை, உள்ளடக்கம் மட்டும் 1,600 பிக்சல். மொத்தம் 1,800 ஆகிறது. `min-height` குறைந்தபட்சத்தை மட்டுமே சொல்வதால் பெட்டி தானாகவே 1,800-க்கு வளர்கிறது. மிச்சம் எதுவும் இல்லை. ஃபூட்டரின் மேல்விளிம்பு பூஜ்யமாகிவிடுகிறது. கட்டுரை முடிந்தவுடன் ஃபூட்டர் வருகிறது. சின்னப் பக்கத்துக்கும் பெரிய பக்கத்துக்கும் இதே வரிகள்தான்.

இதில் `min-height` என்பதை `height` என்று எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழை. சின்னப் பக்கத்தில் வித்தியாசமே தெரியாது. நீண்ட பக்கத்தில் பெட்டி 900-லேயே பூட்டப்பட்டுவிடும். 900 பிக்சல் பற்றாக்குறை ஏற்படும். ஃபிளெக்ஸ் அந்தப் பற்றாக்குறையை உள்ளே இருப்பவற்றின்மேல் சுமத்தும். உயரம் குறித்துக் கொடுத்த தலைப்பகுதி எழுத்தின் அளவுக்குச் சுருங்கிப்போகும். உள்ளடக்கத்துக்கு `overflow: hidden` கொடுத்திருந்தால் கட்டுரையின் அடிப்பகுதி வெட்டுப்பட்டுவிடும்.

மிச்ச இடத்தை ஃபூட்டரின் விளிம்புக்குத் தராமல் உள்ளடக்கத்துக்கே தருவதும் உண்டு. ஃபூட்டரின் `margin-top`-ஐ எடுத்துவிட்டு இப்படி எழுத வேண்டும்:

```css
main {
  flex-grow: 1;
}
```

இப்போது `main` 240-இலிருந்து 700 பிக்சலாக வளரும். ஃபூட்டர் இருக்கும் இடம் மாறாது. உள்ளடக்கப் பகுதிக்குத் தனி நிறம் இருந்தால் இந்த வழிதான் பொருந்தும். இல்லாவிட்டால் அந்த நிறம் பாதியில் நின்று, கீழே வேறு நிறத்தில் ஒரு பட்டை தெரியும்.

ஒரு பக்கவிளைவைக் கவனிக்க வேண்டும். வாசிக்க வசதியாக உள்ளடக்கத்தின் அகலத்தை 700 பிக்சலுக்குள் வைத்து, `margin: 0 auto` கொடுத்து நடுவில் நிறுத்துவது வழக்கம். ஃபிளெக்ஸ் பெட்டிக்குள் வந்ததும், பக்கவாட்டில் `auto` விளிம்பு உள்ள பகுதி அகலமாக விரியாது. உள்ளே இருக்கும் எழுத்தளவுக்குச் சுருங்கிக்கொள்ளும். நீண்ட பத்திகள் 700 பிக்சலையும் நிரப்பிவிடுவதால் கட்டுரைப் பக்கத்தில் இது தெரியாது. ‘கிடைக்கவில்லை’ பக்கத்தில் மட்டும் அந்த ஒற்றை வரி இடது ஓரத்தை விட்டு நடுவுக்கு நகர்ந்திருக்கும். `main`க்கு `width: 100%` சேர்த்தால் சரியாகிவிடும்.

கைபேசியில் இன்னொரு சிக்கல். அங்கே பல உலாவிகள் `100vh`-ஐ, முகவரிப் பட்டை மறைந்திருக்கும்போது கிடைக்கும் பெரிய உயரமாகவே கணக்கிடுகின்றன. பட்டை தெரியும்போது ஃபூட்டரின் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விடும். அப்போதைக்குத் தெரியும் உயரத்தைக் குறிக்கும் `dvh` என்ற அலகு 2022-இல் சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றிலும் வந்துசேர்ந்தது. பழைய வரியை எடுக்காமல் அதன் கீழேயே புதியதை எழுதலாம். புரியாத உலாவி இரண்டாவது வரியை விட்டுவிடும்.

```css
min-height: 100vh;
min-height: 100dvh;
```

எல்லாம் எழுதியும் ஃபூட்டர் இறங்காவிட்டால், உலாவியின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து `body` வரியின் மேல் சுட்டியை வையுங்கள். அந்தப் பெட்டியின் பரப்பு வண்ணத்தில் தெரியும். வண்ணம் பாதியில் நின்றால் `min-height` வேலை செய்யவில்லை. திரை முழுக்க வண்ணம் இருந்தும் ஃபூட்டர் மேலேயே நின்றால், அது `body`யின் நேரடிப் பிள்ளை இல்லை; இடையே வேறொரு பெட்டி இருக்கிறது. ரியாக்டில் எழுதிய தளங்களில் `root` என்ற `div` பெரும்பாலும் அப்படி இருக்கும். ஃபிளெக்ஸ் தன் நேரடிப் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம் பகிரும் என்பதால், `margin: 0` தவிர `body`க்கு எழுதிய வரிகளை அந்தப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். ஃபூட்டர் இறங்கிய பிறகும் சின்னப் பக்கம் 16 பிக்சல் மட்டும் மேலும் கீழும் நகர்ந்தால், `margin: 0` விடுபட்டிருக்கிறது. உலாவி தானாக மேலும் கீழும் தரும் எட்டு எட்டு பிக்சல்தான் அது.

சோதிக்கும்போது தளத்திலேயே மிகச் சிறிய பக்கத்தையும் மிக நீண்ட பக்கத்தையும் கைபேசியில் திறந்து, எழுத்தை இருமடங்காக்கிப் பாருங்கள். சிறியதில் ஃபூட்டர் திரையின் அடியைத் தொட வேண்டும், நீண்டதில் கடைசி வரிக்குப் பின்னால் வர வேண்டும்.