கழிப்பறைக்கு 48 லட்சம்: சி.எஸ்.ஆர். குழுவின் மினிட்ஸில் என்ன எழுதியிருக்க வேண்டும்?

நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவு பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் தொகையைத்தான் கேட்கிறார்கள். கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு பெரிய நிறுவனங்களுக்குத் தொகையைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது: முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம். ஆகவே அதில் ஏமாற்றக் கொஞ்சம்தான் இடமுண்டு. அந்தப் பணம் எதற்காக, யாருக்காக, எந்த நிபந்தனையோடு தரப்படுகிறது என்பதில்தான் ஏராளமான இடமுண்டு. அந்த இடம் எவ்வளவு அகலம் என்பது சி.எஸ்.ஆர். குழுக் கூட்டத்தின் மினிட்ஸ், அதாவது நடவடிக்கைக் குறிப்பு, எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. காரணம், 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட சி.எஸ்.ஆர். விதிகளில் உள்ள ஒரு கடமை. ஒதுக்கிய நிதி ‘அங்கீகரித்த நோக்கத்துக்கு, அங்கீகரித்த முறையில்’ செலவாகியிருக்கிறது என்று நிறுவனத்தின் தலைமை நிதி அலுவலர் சான்றளிக்க வேண்டும். இயக்குநர் குழுவும் தன்னளவில் திருப்தியடைய வேண்டும். அங்கீகரித்தபோதே நோக்கமும் முறையும் மங்கலாக இருந்தால், பிற்பாடு எந்தச் செலவும் அதற்குப் பொருந்திவிடும். சான்றிதழில் பொய் இருக்காது. அதைக்கொண்டு எதையும் தெரிந்துகொள்ளவும் முடியாது.

ஒரு மாதிரிக் கணக்கை வைத்துப் பார்ப்போம். சராசரி லாபம் 60 கோடி உள்ள ஒரு நிறுவனம். செலவிட வேண்டியது 1 கோடியே 20 லட்சம். இந்தத் தொகை 50 லட்சத்தைத் தாண்டாத நிறுவனங்களுக்குத் தனிக் குழு தேவையில்லை, இயக்குநர் குழுவே போதும். இந்த நிறுவனத்துக்குக் குழு வேண்டும். பிப்ரவரி மாதம் குழு கூடி, எட்டு அரசுப் பள்ளிகளில் மாணவியர் கழிப்பறை கட்ட 48 லட்சம் தரலாம் என்கிறது. சட்டப்படி குழு பரிந்துரைக்கிறது. அங்கீகரிப்பது இயக்குநர் குழு. ஆனால் இயக்குநர் குழுவின் முன் பத்து விஷயங்கள் இருக்கும் நாளில் இந்தப் பரிந்துரை பெரும்பாலும் எழுத்து மாறாமல் தீர்மானமாகிவிடும் என்பதால், உண்மையான முடிவு குழுவின் மினிட்ஸில்தான் பிறக்கிறது. வழக்கமான மினிட்ஸ் இப்படி இருக்கும்: ‘பள்ளிகளில் சுகாதார வசதி மேம்பாட்டுக்கு ரூ.48 லட்சம், பயனாளிகள் 3,200 பேர், தொண்டு நிறுவனம் காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும்.’ மூன்றும் இருக்கின்றன: தொகை, பயனாளி, அறிக்கை. குறை சொல்ல ஒன்றும் இல்லாதது போலத் தோன்றும்.

முதலில் தொகை. திட்ட முன்மொழிவில் அது நான்கு தலைப்புகளாகப் பிரிந்திருப்பதாகக் கொள்வோம்: கட்டுமானம் 38 லட்சம், மோட்டாரும் தொட்டியும் குழாயும் 5 லட்சம், இரண்டாண்டுப் பராமரிப்பு 3 லட்சம், தொண்டு நிறுவனத்தின் மேற்பார்வைச் செலவு 2 லட்சம். மினிட்ஸில் மொத்தம் மட்டும் ஏறினால் இந்தப் பிரிவு கண்ணில் படாமலே போய்விடும். பிரித்து எழுதியிருந்தால் குழுவில் யாராவது ஒருவர் வகுத்துப் பார்த்திருப்பார். பராமரிப்புக்கான 3 லட்சத்தை எட்டுப் பள்ளிகளுக்கும் 24 மாதங்களுக்கும் பகிர்ந்தால் பள்ளிக்கு மாதம் 1,560 ரூபாய் சொச்சம், நாளுக்கு ஏறக்குறைய 52 ரூபாய். அதில் தூய்மைப் பணியாளர் கூலி, பினாயில், மோட்டார் பழுது, செப்டிக் டேங்க் எடுப்பது எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. கட்டிய கழிப்பறை ஆறு மாதத்தில் பூட்டப்படுவதற்கான காரணம் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கக் கள ஆய்வே வேண்டாம், ஒரு வகுத்தல் போதும். செலவுத் தலைப்புகளை மினிட்ஸில் எழுத வேண்டும் என்று வலியுறுத்துவதற்கு இது முதல் காரணம். எழுதும்போதுதான் குழு அதைப் படிக்கிறது.

பயனாளி எண்ணிக்கை இன்னும் வழுக்கலான இடம். 3,200 என்பது எட்டுப் பள்ளிகளின் மொத்த மாணவர் எண்ணிக்கை. கட்டப்படுவதோ மாணவியர் கழிப்பறை. அந்தப் பள்ளிகளில் மாணவியர் 1,540 பேர் என்றால் அதுவே சரியான எண். ஒருவருக்கான செலவு 1,500 ரூபாய் என்று காட்டியது உடனே 3,100-ஐத் தாண்டிவிடும். அது தவறான செலவு என்று ஆகிவிடாது. ஒருவேளை அதுதான் நியாயமான விலை. ஆனால் வேறொரு திட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கும் குழுவுக்கு உண்மை விலை தெரிந்திருக்க வேண்டும். மறைமுகப் பயனாளிகள் என்ற பெயரில் ஒரு குடும்பத்துக்கு நான்கு பேர் என்று பெருக்கி 12,800 என எழுதும் வழக்கமும் உண்டு. அதே பிள்ளைகளை அடுத்த ஆண்டு புதிதாக எண்ணிக் கூட்டுவதும் உண்டு. இவற்றைத் தடுக்க மினிட்ஸில் ஒரு வாக்கியம் போதும்: பயனாளி என்பவர் இந்தப் பள்ளிகளில் படிக்கும் மாணவி, ஆதாரம் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் பதிவு, ஒருவர் ஒருமுறைதான் எண்ணப்படுவார். எண்ணை மட்டும் எழுதிவிட்டு எண்ணும் முறையை எழுதாமல் விட்டால் அந்த எண்ணைச் சரிபார்க்க வழியே இல்லை.

இனி காலக்கணக்கு. நிறுவனங்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான். பிப்ரவரியில் ஒப்புதல், மார்ச் 31-இல் நிதியாண்டு முடிகிறது. அதற்குள் நிறுவனம் முதல் தவணையாக 24 லட்சத்தைத் தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டது. அவர்கள் 11 லட்சத்துக்கு வேலை முடித்திருக்கிறார்கள். நிறுவனத்தின் கணக்கில் 24 லட்சம் செலவு. ஆனால் கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் தந்த விளக்கத்தின்படி, பணத்தைக் கைமாற்றியது செலவு ஆகாது. செயல்படுத்தும் அமைப்பு அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். எனவே செலவானது 11 லட்சம்தான், மீதி 37 லட்சம். இந்த மீதி எங்கே போகும்? இது ஓராண்டைத் தாண்டித் தொடரும் திட்டம் என்று முறையாக முடிவெடுத்து, அந்த நிதியாண்டுக்குள்ளேயே வேலை ஆணையும் தந்து தொடங்கியிருந்தால், ஏப்ரல் 30-க்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு அதே பள்ளிகளுக்கு மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். அப்படி இல்லையென்றால் செப்டம்பர் 30-க்குள் பிரதமர் நிவாரண நிதி போன்ற, சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் உள்ள ஒரு நிதிக்கு அதை மாற்றியாக வேண்டும். பாதி எழும்பிய சுவர் அப்படியே நிற்கும். ஓராண்டுத் திட்டத்தைத் தகுந்த காரணம் காட்டி இயக்குநர் குழு நீட்டிக்கவும் விதியில் வழி உண்டு. ஆனால் அந்தக் காரணம் என்ன, எப்போது சொல்லப்பட்டது என்பதற்கும் மினிட்ஸ்தான் சாட்சி. தொடக்க நாள், முடிவு நாள், ஆண்டுவாரி ஒதுக்கீடு ஆகிய மூன்று வரிகளும் முதலிலேயே இருந்திருந்தால் இந்தப் பதற்றமே தேவையில்லை.

அறிக்கைக் கடமைக்கு வருவோம். ‘காலாண்டு அறிக்கை தர வேண்டும்’ என்ற வரியால் பயன் குறைவு, ஏனென்றால் அறிக்கை வராவிட்டால் என்ன ஆகும் என்பது அதில் இல்லை. அடுத்த தவணையை அறிக்கையோடு கட்டிவைத்தால் நிலைமை மாறும். முதல் தவணை வேலை ஆணையின் பேரில். இரண்டாவது, தேதியும் இருப்பிடமும் பதிந்த படங்கள், பில்கள், தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் இட்ட கையெழுத்து ஆகியவற்றின் பேரில். கடைசித் தவணை, கட்டடத்தைப் பள்ளி நிர்வாகம் எழுத்துமூலம் ஏற்றுக்கொண்ட பிறகு. சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் சொத்து நிறுவனத்தின் பெயரில் இருக்கக் கூடாது. பொது அதிகாரியிடமோ, தகுதியுள்ள அறக்கட்டளையிடமோ, பயனாளிகளின் அமைப்பிடமோ இருக்க வேண்டும் என்பது விதி. எனவே கடைசி நிபந்தனை சட்டத்துக்கும் தேவைப்படுகிறது. இவற்றோடு, ஆறு மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாத ஒரு பார்வையும் வேண்டும். இடைவேளை நேரத்தில் போய் எத்தனை கதவு திறந்திருக்கிறது, எத்தனை குழாயில் தண்ணீர் வருகிறது என்று எண்ணி எழுதினால் போதும். திறப்பு விழாப் படம் எந்த அறிக்கையிலும் அழகாகத்தான் இருக்கும். ஒரே படம் இரண்டு காலாண்டு அறிக்கைகளில் வருவது, பில்கள் எல்லாம் முழு ஆயிரங்களாக இருப்பது, மொத்தச் செலவும் மார்ச் கடைசி வாரத்தில் குவிவது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

இவ்வளவு விரிவாக எழுதினால் களத்தில் வேலை செய்பவர்களின் கையைக் கட்டிவிடாதா என்பது நியாயமான ஆட்சேபம். சிமெண்ட் விலை ஏறும். ஒரு பள்ளியில் பாறை வரும். சிறிய தொண்டு நிறுவனம் காகிதத்துக்கே ஆள் போட வேண்டியிருக்கும். இதற்கு விடை மினிட்ஸைச் சுருக்குவதில் இல்லை. எது மாறலாம், எது மாறக் கூடாது என்று பிரித்து எழுதுவதில் இருக்கிறது. தலைப்புகளுக்கிடையே 10 சதவீதம் வரை தொண்டு நிறுவனமே மாற்றிக்கொள்ளலாம், பராமரிப்புத் தொகையைத் தொடக் கூடாது, பள்ளி மாறினால் குழுவிடம் திரும்ப வர வேண்டும் என்று மூன்று வரியில் சொல்லிவிடலாம். ஆண்டுச் செயல்திட்டத்தைக் குழுவின் பரிந்துரையின் பேரில் இடையில் மாற்றவும் விதி அனுமதிக்கிறது. விலையேற்றத்தைச் சமாளிக்க மங்கலான சொற்கள் தேவையே இல்லை.

பயன் கிடைத்ததா என்று அளக்கத் தாக்க மதிப்பீடு இருக்கிறதே, மினிட்ஸை ஏன் இவ்வளவு சுமக்க வைக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அந்த மதிப்பீடு, சராசரியாக 10 கோடி அல்லது அதற்கு மேல் சி.எஸ்.ஆர். கடமை உள்ள நிறுவனங்களுக்கு, 1 கோடி அல்லது அதற்கு மேற்பட்ட திட்டங்களுக்குத்தான் கட்டாயம். அதுவும் திட்டம் முடிந்து ஓராண்டு கழிந்த பிறகு. நம் 48 லட்சம் அந்த வலையில் என்றைக்குமே விழாது. கம்பெனி செக்ரட்டரிகளின் தயக்கம் வேறு வகை. மினிட்ஸ் சட்டப்படி சாட்சியம் என்பதால், குறைவாக எழுதினால் குறைவாக மாட்டிக்கொள்வோம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இது குறுகிய கணக்காகவே படுகிறது. மூன்று ஆண்டு கழித்து எந்த முறையில் செலவிட அங்கீகரித்தீர்கள் என்ற கேள்வி வரும்போது, கையெழுத்திட்ட நிதி அலுவலரிடம் காட்டுவதற்கு ஒரு வரியும் இருக்காது. குழுவில் உள்ள ஓர் இயக்குநருக்கு அந்தத் தொண்டு நிறுவனத்தோடு தொடர்பு இருந்தால், அவர் அதைச் சொன்னார், விவாதத்திலிருந்து விலகினார் என்ற பதிவும் இதே காரணத்தால் அவருக்கே பாதுகாப்பு.

குழுவின் மினிட்ஸை வெளியார் பார்க்க முடியாது. பங்குதாரருக்குக்கூட அந்த உரிமை இல்லை, அவர்களுக்கு உள்ளது பொதுக்கூட்ட மினிட்ஸைப் பார்க்கும் உரிமை மட்டுமே. குழு உறுப்பினர்கள் யார், கொள்கை என்ன, அங்கீகரித்த திட்டங்கள் எவை என்பதை நிறுவனத்துக்கு இணையதளம் இருந்தால் அதில் வெளியிட வேண்டும். ஆண்டறிக்கையின் இணைப்பில் செலவு விவரம் வரும். அவை திட்டத்தின் பெயரையும் தொகையையும் சொல்லும், நிபந்தனையைச் சொல்லாது. அதனால் பெரும்பாலும் தலைமையாசிரியருக்குத் தன் பள்ளிக்கு எந்த மாதம் வரை பராமரிப்புப் பணம் ஒதுக்கியிருக்கிறது என்பதே தெரியாமல் போகிறது. தீர்மானத்தின் அந்தப் பகுதியை மட்டும் சான்றிட்டு, தொண்டு நிறுவனத்தோடு போடும் ஒப்பந்தத்தோடு இணைத்து, பள்ளிக்கு ஒரு நகல் தருவதற்கு எந்தச் சட்டத் தடையும் இல்லை. செப்டிக் டேங்க் நிரம்பும் நாளில் யாரை அழைப்பது என்று பள்ளி மேலாண்மைக் குழு அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்.